காலை பத்து மணிக்குத் திருத்திய தேதி: ஒரு குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தின் குமிழ் நிலைகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்டது, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டை அடுத்த செம்பனை ஆலை ஒன்றில் எடைமேடைக் கிராணியாக வேலை செய்யும் ஒருவருடைய கைக்கடிகாரம். எஃகு உறை, மூன்று முட்கள், மூன்றாம் எண்ணுக்குரிய இடத்தில் தேதிச் சாளரம், உள்ளே பரவலாகப் புழங்கும் ஜப்பானிய குவார்ட்ஸ் இயந்திரம் ஒன்று. பட்டணத்தில் நான் வைத்திருக்கும் பழுதுபார்க்கும் மேசைக்கு ஜூலை மாதத் தொடக்கத்தில் அது வந்தபோது, அதன் மீது மூன்று குறைகள் சொல்லப்பட்டன. தேதி சில நாள்களில் மாறுவதில்லை. சில நாள்களில் இரண்டு எண்களுக்கு நடுவே பாதியில் நின்றுவிடுகிறது. மணியை எத்தனை முறை சரிசெய்தாலும் ஆலைக் கணினியோடு ஒப்பிட்டால் அரை நிமிடம் போல வேறுபாடு இருக்கிறது. மழை பெய்த நாள்களில் கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிகிறது.

இந்த மூன்றும் வெவ்வேறு பழுதுகள்போலத் தோன்றினாலும், மூன்றுக்கும் மூலம் பக்கவாட்டுக் குமிழின் நிலைகள்தாம் என்பது ஆய்வின் முடிவில் தெளிவானது. அவற்றுள் முதலாவதே கவனத்துக்கு உரியது. ஏனெனில், இரவில் தேதியைத் திருத்தக் கூடாது என்ற விதியை இவர் அறிந்திருந்தார், அதை மீறவும் இல்லை; அப்படி இருந்தும் அந்த விதியை மீறினால் எந்தச் சேதம் வருமோ அதே சேதம் கடிகாரத்துக்குள் ஏற்பட்டிருந்தது.

முதலில் குமிழின் நிலைகளைச் சொல்லிவிடுகிறேன். தேதி காட்டும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் குமிழுக்கு மூன்று நிலைகள் உண்டு. உறையோடு ஒட்டி உள்ளே இருப்பது உள்நிலை. அங்கே குமிழைச் சுற்றினால் அது வெறுமனே சுழலும். பேட்டரியால் ஓடும் கடிகாரத்தில் சாவி கொடுக்க எதுவும் இல்லை. ஒரு சொடுக்கு வெளியே இழுத்தால் நடுநிலை. அங்கே குமிழ் தேதி வளையத்தை மட்டும் நகர்த்தும், முட்கள் தம் போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு சொடுக்கு இழுத்தால் வெளிநிலை. அங்கே குமிழ் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் நகர்த்தும், வினாடி முள் நின்றுவிடும். எனவே குமிழ் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கை உணர்வை விட வினாடி முள்ளைப் பார்த்தே உறுதியாகச் சொல்லலாம்: நின்றிருந்தால் வெளிநிலை, ஓடினால் உள்நிலையாகவோ நடுநிலையாகவோ இருக்கலாம். ஓடும் முள் இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது என்பதைப் பின்னால் மூன்றாம் குறையில் காண்போம்.

குமிழோடு இணைந்த மெல்லிய தண்டு கடிகாரத்துக்குள் செல்கிறது. அந்தத் தண்டின் மேல் வழுக்கி நகரும் ஒரு சிறு பற்சக்கரம் இருக்கிறது. குமிழை இழுக்கும்போது நெம்புகோல்கள் அந்தச் சக்கரத்தை நகர்த்தி, நடுநிலையில் தேதியைத் திருத்தும் சக்கரத்தோடும், வெளிநிலையில் முட்களை நகர்த்தும் சக்கரத்தோடும் பிணைக்கின்றன. இங்கே மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். தேதி வளையம் ஒன்றே. ஆனால் அதைத் தள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, நாம் நடுநிலையில் குமிழைத் திருப்பும் வழி. மற்றொன்று, கடிகாரம் தானாகவே நள்ளிரவில் தேதியை மாற்றும் வழி. இரண்டும் ஒரே நேரத்தில் வளையத்தின் பற்களுக்குள் இருந்தால் மோதல் தவிர்க்க முடியாதது.

தானாக மாறும் வழி இப்படி இயங்குகிறது. வளையத்தின் உட்புறத்தில் 31 பற்கள் உள்ளன. 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றும் ஒரு சக்கரத்தில், வளையும் தன்மையுள்ள ஒரு விரல் நீட்டிக்கொண்டிருக்கும். விலை குறைந்த இயந்திரங்களில் இந்தச் சக்கரமும் விரலும் ஒரே பிளாஸ்டிக் துண்டு. சக்கரம் மணிக்கு 15 பாகை மட்டுமே நகர்வதால், விரல் ஒரு பல்லைத் தொட்டு, தள்ளி, விட்டு விலக ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகிறது. இரவு 9 மணி முதல் 1 மணி வரை தேதியைத் திருத்தாதீர்கள் என்று பல கையேடுகள் சொல்வது இதனால்தான். சில இயந்திரங்களில் இந்த இடைவெளி இன்னும் நீளும். பல்லை முழுத் தூரம் தள்ள வேண்டிய கட்டாயமும் விரலுக்கு இல்லை. ஒரு தேதிக்கு உரிய தூரம் 11.6 பாகை. அதில் பாதியைச் சற்றுத் தாண்டும் வரை விரல் தள்ளினால் போதும். மீதித் தூரத்தை, பற்களுக்கு இடையே அழுத்திக்கொண்டிருக்கும் ஒரு வில்கொக்கி இழுத்து முடித்து, எண்ணைச் சாளரத்தின் நடுவில் நிறுத்தும். விரல் பாதியைத் தாண்டாமல் நழுவினால் அதே கொக்கி பல்லைப் பின்னுக்குத் தள்ளிப் பழைய தேதிக்கே கொண்டுவந்துவிடும்.

விரல் பற்களுக்குள் இருக்கும் நேரத்தில் நடுநிலையில் குமிழைத் திருப்பினால், வளையம் விரலை விட வேகமாக ஓடும். பின்னால் வரும் பல் விரலின் முதுகில் மோதும். விரல் வளைந்து கொடுக்கும்படிதான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. எனவே ஒரு சொடுக்கை அது பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்; ஆனால் பல்லுக்கும் விரலுக்கும் இடையிலான ஒழுங்கு குலைவதால் அன்றிரவு தேதி மாறாமல் போகலாம். திரும்பத் திரும்ப இப்படி நடந்தால் விரலின் நுனி மழுங்கும், அல்லது விரல் வளைந்த இடத்திலேயே தளர்ந்துவிடும்.

இனி நிகழ்வுக்கு வருகிறேன். கிராணி சொன்ன செய்தி சுருக்கமானது. மார்ச் மாதத்தில் வேறு ஊரில் ஒரு கடையில் பேட்டரி மாற்றியிருக்கிறார். அதற்குச் சில நாள்களுக்குப் பிறகுதான் தேதித் தொல்லை தொடங்கியது. “காலையில பார்த்தா நேத்துத் தேதி காட்டுது தம்பி. தேநீர் நேரத்துல ஒரு தட்டு தட்டிச் சரிபண்ணிடுவேன். ராத்திரியில கைவைக்கவே மாட்டேன், அது ஆகாதுன்னு தெரியும்,” என்றார். தேநீர் நேரம் எப்போது என்று கேட்டேன். காலை பத்து மணி என்றார். சில நாள்களில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் பார்த்தால் தேதி ஒரு நாள் முந்தியிருக்கும் என்றும், இந்த இயந்திரத்தில் தேதியைப் பின்னுக்குத் திருப்ப முடியாததால் அப்போது முழுச் சுற்றும் சுற்றிப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவதாகவும் சேர்த்துச் சொன்னார். அது 30 சொடுக்கு.

காலையில் நேற்றைய தேதி, மதியத்துக்குப் பின் சரியான தேதி அல்லது நாளைய தேதி. இந்த ஒரு செய்தியே போதுமான துப்பு. தேதி நள்ளிரவில் மாறாமல் நண்பகலில் மாறுகிறது. அதாவது கடிகாரத்தின் உட்கணக்கு உண்மை நேரத்திலிருந்து 12 மணி நேரம் தள்ளி நிற்கிறது. முகப்பில் 12 எண்களே இருப்பதால் முட்களைப் பார்த்து இதை ஒருபோதும் அறிய முடியாது. பேட்டரி தீர்ந்து நின்றிருந்த கடிகாரத்தை ஓட்டியபோது, உட்கணக்கு முற்பகலா பிற்பகலா என்று பார்க்காமல் முட்களை மட்டும் பொருத்தியிருக்கிறார்கள். தேதியையும் நடுநிலையில் அப்போதைக்குச் சரியாக வைத்திருப்பார்கள். கடையை விட்டு வெளியேறும்போது எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும்.

ஆகவே, நம் கிராணி காலை பத்து மணிக்குத் தேதியைத் திருத்தியபோது கடிகாரத்துக்குள் இரவு பத்து மணி. விரல் ஏற்கெனவே பல்லைத் தொட்டுத் தள்ளத் தொடங்கியிருக்கும் நேரம் அது. ஜூன் 5ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். காலை பத்து மணிக்குச் சாளரத்தில் 4 இருக்கிறது. ஒரு சொடுக்கில் 5 ஆக்குகிறார். விரல் அந்த மோதலில் வளைந்து அடுத்த பல்லுக்குப் பின்னால் சரியாக அமர்ந்துவிட்டால், நண்பகலில் அது அந்தப் பல்லையும் தள்ளி 6 ஆக்கிவிடும். சாப்பாட்டு நேரத்தில் தேதி ஒரு நாள் முந்தி நிற்கும். அமராமல் போனால் நண்பகலில் எதுவும் நடக்காது. தேதி அன்று முழுதும் 5 ஆகவே இருக்கும், மறுநாள் காலையிலும் 5 ஆகவே இருக்கும். முதல் வகை நாளில் அவர் 30 சொடுக்குச் சுற்றினார். இரண்டாம் வகை நாளில் மறுநாள் மீண்டும் ஒரு சொடுக்குத் திருத்தினார். இரண்டு வழியிலும் அடி விழுந்தது விரலின் மேல். அதிலும் பகல் 12.40க்கு நடந்த அந்த 30 சொடுக்குச் சுற்று, உட்கணக்கில் நள்ளிரவு தாண்டி 12.40, விரல் இன்னும் பற்களை விட்டு முழுதாக விலகியிராது. தேதிக் கோளாற்றைத் திருத்தப் போய் அவர் செய்த செயல்களுள் மிகக் கடுமையானது இதுதான் என்பது என் கணிப்பு.

இதை ஊகமாக விட்டுவிடாமல், உறையைத் திறப்பதற்கு முன்பே குமிழை மட்டும் வைத்துச் சோதிக்க முடியும். கடிகாரம் என்னிடம் வந்தது பிற்பகல் நான்கு மணியளவில். உட்கணக்கு முற்பகல் நான்கோ பிற்பகல் நான்கோ, இரண்டும் விரல் விலகியிருக்கும் நேரம் என்பதால் முதலில் நடுநிலையைச் சோதிப்பதில் ஆபத்தில்லை. குமிழைத் திருப்பியபோது எண்கள் ஒவ்வொன்றாகத் தயக்கமின்றி மாறின. ஒவ்வொரு எண்ணும் சாளரத்தின் நடுவில் நேராக நின்றது. வளையமும் அதன் பற்களும் வில்கொக்கியும் நன்றாக இருக்கின்றன என்பது இதனால் உறுதியாயிற்று. ஏனென்றால், இரண்டு வழிகளுக்கும் இவை பொதுவானவை. இவற்றில் குறை இருந்தால் நடுநிலையிலும் எண் தடுமாறியிருக்கும். குறை இருந்தால் அது தானாக மாறும் வழிக்கு மட்டுமே உரிய விரலில்தான் இருக்க வேண்டும்.

அடுத்து வெளிநிலை. குமிழை முழுதாக இழுத்து, முட்களை மெதுவாக முன்னோக்கிச் சுற்றி, சாளரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முட்கள் முதல் முறை 12ஐக் கடந்தபோது தேதி எண் அசையவே இல்லை. உண்மை நேரத்தின்படி அது நள்ளிரவு. தேதி மாறியிருக்க வேண்டிய தருணம். தொடர்ந்து சுற்றியபோது, அடுத்த முறை பத்து மணியை நெருங்கும் முன்பே எண் மெல்லக் கீழிறங்கத் தொடங்கியது. 12ஐத் தொட்டபோது சாளரத்தில் இரண்டு எண்களும் பாதி பாதியாகத் தெரிந்தன. ஒரு மணியை நெருங்கியதும் பழைய எண்ணுக்கே திரும்பி விழுந்தது. இந்த இரண்டு கடப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். முதல் கடப்பில் தேதி மாறாததற்குக் காரணம் விரல் அங்கே வரவே இல்லை என்பது. இரண்டாம் கடப்பில் விரல் வந்து முயன்று தோற்றது. வெறுமனே ‘தேதி மாறவில்லை’ என்று குறித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். எண் சிறிதளவேனும் அசைந்ததா என்று பார்ப்பதுதான் 12 மணி நேரப் பிறழ்வையும் விரலின் தேய்மானத்தையும் தனித்தனியே காட்டித் தருகிறது.

வெளிநிலையில் முட்களை நள்ளிரவு தாண்டி முன்னோக்கிச் சுற்றினால் விரல் சேதமாகாதா என்ற ஐயம் எழலாம். சேதமாகாது. அப்போது விரலும் முட்களோடு சேர்ந்தே நகர்கிறது. வளையம் விரலை முந்துவதில்லை. தீபகற்ப மலேசியாவில் 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணியை 12 மணியாக முன்தள்ளி, 1982 ஜனவரி 1 முதல் உலகப் பொது நேரத்துக்கு எட்டு மணி முந்திய இன்றைய நேரத்துக்கு மாறினார்கள். அன்றிரவு பதினொன்றரைக்குக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியவர்கள் வெளிநிலையில்தான் அதைச் செய்தார்கள். தேதி மாறும் நேரமாக இருந்தும் அதில் தீங்கில்லை. அதே நேரத்தில் நடுநிலையில் கைவைத்திருந்தால்தான் தொல்லை. நள்ளிரவைக் கடந்து முட்களைப் பின்னோக்கிச் சுற்றுவதை மட்டும் தவிர்ப்பது நல்லது. அப்போது விரல் பற்களைத் தவறான திசையிலிருந்து தொடும்.

உறையைத் திறந்து, முட்களையும் முகப்பையும் தேதிப் பகுதியை மூடியிருந்த தகட்டையும் எடுத்துவிட்டு உருப்பெருக்கியில் பார்த்தபோது, சோதனை சொன்னதே அங்கே இருந்தது. வளையத்தின் பற்களில் இலேசான உரசல் தடம் மட்டுமே. விரலின் நுனி, பல்லைத் தள்ளும் பக்கத்தில் கூர்மை இழந்து உருண்டிருந்தது. சக்கரத்தோடு இணையும் இடத்தில், பிளாஸ்டிக் அளவுக்கு மீறி வளைக்கப்படும்போது தோன்றும் வெண்மை ஒரு மெல்லிய கோடாகத் தெரிந்தது. நுனி தேய்ந்ததாலும் விரல் பின்னுக்குத் தளர்ந்ததாலும் பல் பாதித் தூரத்தைத் தாண்டுவதற்குள் நழுவிவிடுகிறது. எண் பாதி வரை வந்து திரும்பியதன் காரணம் இதுவே.

அந்தச் சக்கரம் ஒன்றை மட்டும் மாற்றுவது கொள்கையளவில் எளிது. ஆனால் இவ்வகை இயந்திரங்களுக்கு உதிரிச் சக்கரத்தைத் தேடிப் பிடிப்பதை விட அதே எண்ணுள்ள புதிய இயந்திரத்தை முழுதாக வாங்கிப் பொருத்துவது மலிவாக முடிகிறது, அதையே செய்தேன். புதிய தண்டைப் பழைய தண்டின் நீளத்துக்கு வெட்ட வேண்டும். நீளம் சற்று மிகுந்தால் குமிழ் உறையோடு ஒட்டாமல் நிற்கும். குறைந்தால் குமிழ் உறையில் முட்டி நின்று, முழுதாகத் தள்ளினாலும் உள்நிலை சரியாகக் கிட்டாமல் போகலாம். முட்களைப் பொருத்துவதற்கு முன், வெளிநிலையில் குமிழைச் சுற்றித் தேதி மாறி விழும் அந்தக் கணத்தில் நிறுத்தி, மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12இன் மேல் பொருத்த வேண்டும். அப்படிச் செய்தால்தான் முகப்பு காட்டும் நள்ளிரவும் உட்கணக்கின் நள்ளிரவும் ஒன்றாகும். அதன்பின் மேலும் இரண்டு நள்ளிரவுகளைக் கையால் கடந்து, எண் ஒவ்வொரு முறையும் முழுதாக மாறுகிறதா என்று பார்த்து உறுதிசெய்தேன்.

உட்கணக்கைச் சரிசெய்வது இதை விட எளிது, திறந்து பார்க்கத் தேவையே இல்லை. வெளிநிலையில் முட்களை முன்னோக்கிச் சுற்றித் தேதி மாறும் இடத்தைக் கண்டுபிடித்தால் அதுவே நள்ளிரவு. அங்கிருந்து இப்போதைய நேரம் வரை முன்னோக்கிச் சுற்ற வேண்டும். பிற்பகலாக இருந்தால் 12ஐ இன்னொரு முறை கடக்க வேண்டும். தேதி எண்ணையும் திருத்த வேண்டியிருந்தால், முதலில் வெளிநிலையில் முட்களை 6 மணிக்குக் கொண்டுவந்துவிட்டு, பிறகு குமிழை நடுநிலைக்குத் தள்ளி, தேதியை நேற்றைய எண்ணில் வைத்து, மீண்டும் வெளிநிலைக்கு இழுத்து, நள்ளிரவைக் கடந்து இன்றைய தேதிக்கும் நேரத்துக்கும் வர வேண்டும். ஏன் 6 மணி? காலை ஆறும் மாலை ஆறும் விரல் விலகியிருக்கும் நேரங்கள். உட்கணக்கு எதுவானாலும் அங்கே ஆபத்தில்லை. ‘இரவில் திருத்தாதே’ என்ற விதி, கடிகாரத்தின் இரவும் நம் இரவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே காக்கும். ‘முட்களை ஆறில் வைத்துத் திருத்து’ என்பதற்கு அந்த நிபந்தனை இல்லை. என்னிடம் வருபவர்களுக்கு நான் இப்போது இரண்டாவதை மட்டுமே சொல்கிறேன்.

இரண்டாம் குறை வினாடி பற்றியது. எடைமேடையில் ஒவ்வொரு லாரிக்கும் அச்சாகும் சீட்டில் மணி, நிமிடம், வினாடி மூன்றும் இருக்கும். தன் கடிகாரத்தை இவர் நாள் முழுதும் அதனோடு ஒப்பிடுகிறார். ஆனால் நேரம் வைக்கும்போது, நினைத்த கணத்தில் குமிழை இழுத்து, கணினி காட்டும் நிமிடத்துக்கு முள்ளைத் திருப்பி, உடனே குமிழை உள்ளே தள்ளிவிடுவார். வினாடி முள் 37இல் நின்றிருந்தால் 37இலிருந்தே மீண்டும் ஓடும். கடிகாரத்தின் ஓட்டத்தில் பிழையே இல்லை; தொடங்கிய இடத்தில்தான் பிழை.

வெளிநிலையில் வினாடி முள் நிற்பது, ஹேக்கிங் என்று கடிகாரப் பிரியர்கள் சொல்லும் அமைப்பினால். குவார்ட்ஸ் இயந்திரத்தில் இது இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கிறது. குமிழை வெளியே இழுக்கும்போது ஒரு நெம்புகோல் மின்சுற்றில் உள்ள ஒரு தொடுமுனையைத் தொடுகிறது. பல இயந்திரங்களில் அதே நெம்புகோல் ஒரு சக்கரத்தையும் தடுத்துப் பிடிக்கிறது. படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையை 15 முறை பாதியாக்கி வினாடிக்கு ஒரு துடிப்பாகச் சுருக்கும் பகுதி மட்டும் சுழியத்துக்குத் திரும்பிக் காத்திருக்கும். குமிழை உள்ளே தள்ளியதும் எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்குவதால், பெரும்பாலான இயந்திரங்களில் முள்ளின் முதல் அடி தள்ளிய கணத்திலிருந்து ஒரு முழு வினாடி கழித்து விழும். ஆகவே வினாடி முள் 12இல் நிற்கையில், மேற்கோள் கடிகாரம் சரியாக 00 காட்டும் கணத்தில் குமிழைத் தள்ளினால், 01இல் இரண்டும் சேர்ந்து அடி வைக்கும். மீதமிருக்கும் பிழை நம் கையின் தாமதம் மட்டுமே.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வினாடி முள் 12ஐத் தொட்டவுடன் குமிழை நடுநிலையில் தயங்க விடாமல் ஒரே இழுப்பில் வெளிநிலைக்குக் கொண்டுவர வேண்டும். நிமிட முள்ளை, வரப்போகும் நிமிடத்தை விட நான்கைந்து நிமிடம் முன்னே கொண்டுசென்று, பின் திரும்பி அந்த நிமிடக் கோட்டின் மேல் நேராக நிறுத்த வேண்டும். பற்களுக்கு இடையே உள்ள தளர்ச்சி இதனால் ஒரு பக்கமாக ஒதுங்கும். இல்லையேல் கடிகாரம் ஓடத் தொடங்கியும் நிமிட முள் சிறிது நேரம் அசையாமல் நின்று, வினாடி முள் 12இல் இருக்கும்போது இரண்டு கோடுகளுக்கு நடுவே காட்டும். குமிழைத் தள்ளும்போது இரு விரல்களால் பிடிக்காமல் ஒரு விரல் நுனியால் நேராக அழுத்த வேண்டும். பிடித்துத் தள்ளினால் இறுதிக் கணத்தில் குமிழ் சற்றுத் திரும்பி நிமிட முள்ளை இடம் மாற்றிவிடும். வெளிநிலையில் வினாடி முள் நிற்காமல் ஓடினாலோ, நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தாலோ நெம்புகோலின் மின்தொடர்பில் அழுக்கு அல்லது வளைவு இருப்பதாகக் கொள்ளலாம். இந்தக் கடிகாரத்தின் பழைய இயந்திரத்திலும் முள் அசைவின்றியே நின்றது. அந்தப் பகுதியில் பழுது ஏதும் இல்லை.

மேற்கோளாக ஆலைக் கணினியையே எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் அவரிடம் சொன்னேன். இணையத்தோடு நேரத்தை ஒத்திசைக்காத கணினியின் கடிகாரமும் ஒரு குவார்ட்ஸ் கடிகாரம்தான், அதுவும் விலகும். தானாக நேரம் பெறும்படி அமைத்த கைப்பேசியோடு இரண்டையும் ஒப்பிட்டபோது, கணினி 11 வினாடி பிந்தியிருந்தது என்று மறுநாள் வந்து சொன்னார்.

மூன்றாம் குறையான ஆவிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. காலையில் தேதியைத் திருத்திய பின் குமிழை அவர் பல நாள்களில் முழுதாக உள்ளே தள்ளவில்லை. நடுநிலையில் வினாடி முள் ஓடிக்கொண்டிருப்பதால் எதுவும் தவறாகத் தெரியாது. ஆனால் குமிழுக்கும் உறைக்கும் இடையே நகம் நுழையும் அளவு இடைவெளி இருக்கும். குமிழ் உள்நிலையில் இருக்கும்போது மட்டுமே உறையின் ஈரத்தடுப்பு நம்பத்தக்கது. வியர்வையும் மழை ஈரமும் அந்த வழியாகவே சென்றிருக்கின்றன. பின்மூடியின் ரப்பர் வளையத்தைப் புதிதாக மாற்றி, உள்ளே உலர்த்தியதோடு அந்தக் குறை தீர்ந்தது.

இதே காரணத்தால், பேட்டரியைச் சேமிக்கவென்று அணியாத கடிகாரத்தின் குமிழை வெளிநிலையில் இழுத்து மாதக்கணக்கில் வைப்பதை நம் ஊர் ஈரப்பதத்தில் நான் பரிந்துரைப்பதில்லை. சேமிப்பு உண்மையே: சுவிட்சர்லாந்தின் ரோண்டா நிறுவனம் தன் இயந்திரங்கள் பலவற்றுக்கு அந்நிலையில் மின்செலவு ஏறத்தாழ 70 விழுக்காடு குறையும் எனக் குறிப்பிடுகிறது. மோட்டார் நின்றாலும் படிகம் அதிர்ந்துகொண்டே இருப்பதால் செலவு முற்றிலும் நின்றுவிடுவதில்லை. உள்ளே ஈரம் புகுந்து இயந்திரம் துருப்பிடித்தால் ஏற்படும் இழப்போ ஒரு பேட்டரியின் விலையை விடப் பன்மடங்கு.

ஆகஸ்டு தொடக்கத்தில் கிராணி கடிகாரத்தைக் காட்ட வந்தார். ஜூலைக்கு 31 நாள்கள் என்பதால் மாத இறுதியில் தேதியைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் காலையில் சாளரத்தில் அன்றைய எண் முழுதாக நின்றிருந்தது என்றார். பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், செப்டம்பர், நவம்பர் ஆகிய ஐந்து மாதங்களின் முடிவில் மட்டுமே இனி அவர் நடுநிலையைப் பயன்படுத்த வேண்டும். 30 நாள்களுக்கு முன் கைப்பேசியோடு ஒத்து வைத்த வினாடி முள் 9 வினாடி முந்தியிருந்தது. இந்த வகை இயந்திரத்துக்கு மாதத்துக்கு 20 வினாடி வரை முந்துவதும் பிந்துவதும் இயல்பு என்பதால் அது ஏற்கத்தக்க அளவே. தொடக்கத்தில் வினாடியைச் சரியாக வைத்ததால்தான் இந்த ஒன்பதைக் கடிகாரத்தின் இயல்பு என்று சொல்ல முடிகிறது. முன்பு அவர் கண்ட அரை நிமிட வேறுபாட்டில் கடிகாரத்தின் பங்கு எவ்வளவு, கையின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியே இருக்கவில்லை. குமிழை இழுத்து, அடுத்த நிமிடத்தின் 00க்குக் காத்திருந்து, ஒரு விரலால் அழுத்தி, அவரே அன்று மீண்டும் நேரம் வைத்துக்கொண்டார்.